சந்தா விலை உயர்ந்தது, பாடம் நின்றது!
பாங்கியில் பணம் இருந்தும் புதுப்பிக்காதது ஏன்?

மும்பை சயான் கோலிவாடாவில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தா, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காகக் கணக்குப் பாடம் சொல்லித் தரும் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டி வந்தார். மாதம் 199 ரூபாய். ஒவ்வொரு மாதமும் 5-ந் தேதி, அவருடைய பாங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. மூலம் பணம் தானாகவே போய்விடும்.

பிப்ரவரி 6-ந் தேதி காலையில் பாடம் திறக்கவில்லை. "சந்தா முடிந்துவிட்டது" என்று வந்தது. பரீட்சை நெருங்கும் நேரம். கணக்கில் 3,400 ரூபாய் இருந்தது. பாங்கியின் மேல் கோபம் வந்தது அவருக்கு.

பக்கத்தில் செல்போன் கடையில் வேலை பார்க்கும் திருநெல்வேலி இளைஞர் போனை வாங்கிப் பார்த்தார். "அண்ணாச்சி, பணம் இருக்கு. நீங்கதான் சம்மதம் சொல்லாம விட்டுட்டீங்க" என்றார்.

பார்க்காமல் விட்ட அறிவிப்பு

நடந்தது இதுதான். சந்தா 199 ரூபாயிலிருந்து 249 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதைச் சொல்லும் அறிவிப்பு ஜனவரி முதல் வாரத்திலேயே போனுக்கும் மின்னஞ்சலுக்கும் வந்திருந்தது. விளம்பரம் என்று நினைத்து அவர் தள்ளிவிட்டார்.

இந்தச் செயலிச் சந்தா கூகுள் பிளே கடை வழியாகக் கட்டப்பட்டது. சந்தாதாரரின் சம்மதம் கேட்டு விலையை உயர்த்தும்போது அங்குள்ள முறை இது: புது விலை முதன்முதலாக வசூலாகும் நாளுக்கு 30 நாள் முன்பிருந்து அறிவிப்பு வரும். சந்தாதாரர் "சம்மதம்" என்று தொட்டால் சந்தா தொடரும். தொடாமல் இருந்தால், கெடு நாளில் பழைய விலைக்கும் வசூலாகாது, புது விலைக்கும் வசூலாகாது. சந்தா ரத்தாகிவிடும்.

அதாவது, பேசாமல் இருப்பது இங்கே மறுப்பதாகவே கொள்ளப்படும். கேட்காமல் கூடுதல் பணம் எடுக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. அதே ஏற்பாடுதான் குமாஸ்தாவுக்கு இடைஞ்சலாக முடிந்தது.

இரண்டாவது பூட்டு

சம்மதம் சொன்னால் மட்டும் போதுமா? போதாமலும் போகலாம். பாங்கியின் பக்கம் இன்னொரு பூட்டு இருக்கிறது.

முதன்முதலில் சந்தா கட்டியபோது, யு.பி.ஐ. பின் எண்ணைப் போட்டு அவர் பாங்கிக்கு ஓர் அனுமதி கொடுத்திருந்தார். "இந்த நிறுவனம், மாதம் ஒருமுறை, இந்தத் தொகை வரை எடுக்கலாம்" என்பது அந்த அனுமதி. அவருடைய அனுமதியில் உச்சவரம்பு 199 ரூபாய். 249 ரூபாய் கேட்டால், கணக்கில் லட்ச ரூபாய் இருந்தாலும் பாங்கி தராது. வரம்பு 500 ரூபாய் என்று இருந்திருந்தால் இந்தத் தடை வராது. ஆனால் கடை கேட்கும் சம்மதம் அப்போதும் வேண்டும்.

ரிசர்வ் பாங்கி விதிப்படி, இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தொகையைக் குறிப்பிட்டுத் தகவல் வர வேண்டும். குமாஸ்தாவுக்கு 4-ந் தேதி அப்படித் தகவல் எதுவும் வரவில்லை. பணம் கேட்டு பாங்கிக்கு ஆளே போகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பிளே கடையில் வலது மேல்மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் சந்தாப் பட்டியலுக்குப் போகலாம். அங்கே சந்தா "ரத்து" என்று இருந்தால் சம்மதம் போகவில்லை என்று சந்தேகிக்கலாம். "பணம் செலுத்துவதில் கோளாறு" என்று இருந்தால் யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து உச்சவரம்பையும், பிறகு இருப்பையும் பாருங்கள். வரம்பு குறைவாக இருந்தால் புது அனுமதி கொடுத்துப் பின் எண் போட வேண்டியிருக்கும்.

கெடுவுக்கு முன்பே கவனித்தவர்களுக்கு, அதே சந்தாப் பட்டியலில் புது விலையும் சம்மதம் கேட்கும் பொத்தானும் தெரியும். "விலை ஏறிவிட்டது, உடனே ஒப்புக்கொள்ளுங்கள்" என்று குறுஞ்செய்தியில் வரும் இணைப்பை மட்டும் தொட வேண்டாம். மோசடிக்காரர்களும் அப்படி அனுப்புவதுண்டு. கடையை நீங்களே திறந்து பாருங்கள்.

விலை கட்டுப்படியாகவில்லை என்றால் சம்மதம் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே கட்டிய மாதம் முடியும் வரை பாடம் திறந்திருக்கும்.

குமாஸ்தாவின் கெடு தாண்டிவிட்டதால், அவர் 249 ரூபாய்க்குப் புதிதாகச் சந்தா கட்டிப் புது அனுமதியும் கொடுத்தார். அன்று மாலையே பாடம் திறந்தது. மகள் மறுபடி கணக்குப் போட உட்கார்ந்துவிட்டாள்.