விசில் வராத குக்கருக்கு இரண்டு விளம்பரம்

எஃப்.எம். வானொலியில் விளம்பர நேரத்தை 'பத்து நொடிக்கு இவ்வளவு' என்ற கணக்கில் விற்பார்கள். அதனால் சிறு ஊர்க் கடைக்காரர்கள் பெரும்பாலும் பத்து அல்லது பதினைந்து நொடியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பதினைந்து நொடி விளம்பரத்தையே ஃபேஸ்புக்கிலும் போடலாமே என்று ஆசைப்படுவது இயல்பு. ஒலிப்பதிவு கையில் இருக்கிறது, அதற்கு நாலு படத்தை ஒட்டி, பேசுவதைக் கீழே எழுத்தில் ஓடவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அப்படி ஒட்டிய விளம்பரங்கள் பெரும்பாலும் வீணாகின்றன. ஏன் என்று பார்க்க ஒரு கடையை எடுத்துக்கொள்வோம்.

அது குக்கர் பழுது பார்க்கும் கடை. மூடியின் ரப்பர் தளர்ந்தால் ஓரமாக ஆவி கசியும், உள்ளே அழுத்தம் ஏறாது, விசில் வராது. ரப்பரை மாற்றினால் சரியாகிவிடும். குக்கரின் கம்பெனிக்கும் லிட்டருக்கும் ஏற்ப ரப்பரின் அளவு மாறுவதால் மூடியைக் கையோடு கொண்டுவர வேண்டும். கடைக்காரர் சொல்ல வேண்டிய சேதி இவ்வளவுதான்: ஓரமாக ஆவி போனால் மூடியோடு வாருங்கள், உடனே மாற்றித் தருகிறோம்.

முதலில் வானொலி. நிதானமாகப் பேசினால் தமிழில் பதினைந்து நொடிக்கு முப்பது சொற்களைத் தாண்டக்கூடாது. இடையில் சத்தம் எதுவும் சேர்த்தால் அதிலும் குறையும். ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் சொற்கணக்கை இங்கே அப்படியே வைக்க முடியாது. 'சீறிக்கிட்டேதான்' என்ற ஒரு சொல்லைச் சொல்லவே கிட்டத்தட்ட ஒரு நொடி பிடிக்கும். அதனால் சொற்களை எண்ணுவதோடு நிறுத்தாமல், கடிகாரத்தை வைத்து வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். மனதுக்குள் படித்தால் எல்லா விளம்பரமும் பதினைந்து நொடிக்குள் அடங்கிவிடும்!

எழுதி, வெட்டி, கடைசியில் நிற்பது இப்படி இருக்கும்:

(குக்கர் சீறும் சத்தம், இரண்டு நொடி)
மகன்: அம்மா, எத்தனை விசில் வந்துச்சு?
அம்மா: எங்கடா வருது? சீறிக்கிட்டேதான் இருக்கு!
அறிவிப்பாளர்: மூடி ஓரமா ஆவி போகுதா? குக்கர் ரப்பர் மாத்தணும். மூடியோட கொண்டு வாங்க. நின்ன இடத்துல மாத்தித் தர்றோம். (கடைப் பெயர்), பஸ் ஸ்டாண்டு எதிரே.
(நீண்ட விசில், ஒரு நொடி)

இதில் கவனிக்க வேண்டியது முதல் இரண்டு நொடி. படம் இல்லாமல் கேட்டால் குக்கர் சீறுவது மழையாகவும் இருக்கலாம், தாளிப்பாகவும் இருக்கலாம். எஃப்.எம். அலைவரிசை விலகினால் வரும் இரைச்சலும் அப்படித்தான் கேட்கும். காரில் போகிறவர் சிக்னல் போய்விட்டது என்று ஸ்டேஷனை மாற்றிவிடுவார். அதனால் சத்தம் எதனுடையது என்பதை ஒரு சொல் உடனே சொல்லியாக வேண்டும். மகன் கேட்கும் கேள்வியில் 'விசில்' என்ற சொல் வந்ததுமே கேட்பவரின் மனதில் அடுப்படி வந்துவிடுகிறது. பேசுவது ஒரு ஆண், ஒரு பெண் என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. ஒரே மாதிரிக் குரல்கள் இரண்டு என்றால் யார் பேசுகிறார்கள் என்று புரிவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

தொலைபேசி எண்ணைச் சேர்க்கச் சொல்லிக் கடைக்காரர் கட்டாயம் கேட்பார். பத்து இலக்கத்தைப் புரியும்படி சொல்ல நாலைந்து நொடி போய்விடும். வண்டி ஓட்டுகிறவரும் இட்லிக்கு அரைக்கிறவரும் அதை எழுதிக்கொள்ளப் போவதில்லை. 'பஸ் ஸ்டாண்டு எதிரே' ஒரு நொடியில் முடிகிறது, ஊர்க்காரர் மனதிலும் தங்குகிறது. என் கணக்கில் இங்கே எண்ணுக்கு இடமே இல்லை.

இப்போது கைபேசி. ஃபேஸ்புக் போன்றவற்றில் விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது வீடியோக்கள் பல நேரம் சத்தம் இல்லாமல்தான் ஓடத் தொடங்குகின்றன. பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் இருப்பவர்கள் சத்தத்தை வேண்டுமென்றே அடைத்தும் வைத்திருப்பார்கள். அவர்களுக்கு அந்த வானொலி விளம்பரத்தைப் படமாக்கிக் காட்டினால் என்ன தெரியும்? அம்மாவும் மகனும் வாயசைக்கிறார்கள், கீழே எழுத்து ஓடுகிறது. முகத்தைப் பார்ப்பதா, எழுத்தைப் படிப்பதா என்று கண் தடுமாறும். வாயசைவைக் கண்டதுமே 'இதற்குச் சத்தம் வேண்டும்போல' என்று விரல் தள்ளிவிடும். அதனால் இதில் யாரும் பேசக்கூடாது.

வானொலியில் குழப்பம் தந்த அந்த ஆவிதான் படத்தில் நமக்குப் பெரிய பலம். முதல் காட்சியிலேயே, திரை நிறைய, நிமிர்ந்த படத்தில் குக்கர். வெயிட் அசையவில்லை. மூடி ஓரத்தில் ஆவி பீறிடுகிறது, பக்கவாட்டில் கஞ்சித் தண்ணீர் வழிகிறது. மேலே பெரிய எழுத்தில் 'விசில் வரலையா?' என்ற இரண்டு சொற்கள். அதற்கு மூன்று நொடி. அடுத்து, ஆறிய குக்கரின் மூடியிலிருந்து ஒரு கை பழைய ரப்பரை உருவுகிறது. அது தளர்ந்து, வெடித்துக் கிடப்பது தெரிகிறது. எழுத்து தேவையில்லை, இரண்டு நொடி போதும். ஆவி வரும் குக்கரைத் திறப்பதுபோல மட்டும் காட்டிவிடக் கூடாது, யாராவது செய்துபார்த்தால் ஆபத்து. பிறகு கடை மேசையில் மூடி, அதில் புது ரப்பரை அழுத்திப் பொருத்துகிறார்கள்: 'மூடியோடு வாருங்கள். உடனே மாற்றலாம்.' நாலு நொடி. அடுத்த மூன்று நொடியில் வெயிட் எழும்பி ஆவி நேராக மேலே பாய்கிறது. கடைசி மூன்று நொடி, பஸ் ஸ்டாண்டும் தெரியும்படி எடுத்த கடை முகப்பு அசையாமல் நிற்கிறது.

எழுத்திலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். 'நின்ன இடத்துல மாத்தித் தர்றோம்' என்பது காதுக்கு இனிமை. அதையே திரையில் எழுதினால் கண் ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கி நிற்கும், ஏனென்றால் பேச்சு வடிவங்களை நாம் அதிகம் படித்துப் பழகவில்லை. 'வரலையா' போலப் பழகிப்போன ஒன்றிரண்டைத் தவிர மற்றதை எழுத்துத் தமிழில், சிறிய சொற்களில் வைப்பது நல்லது. 'மாற்றிக்கொடுக்கப்படும்' மாதிரிச் சொல் கைபேசியின் அகலத்தை ஒற்றையாகவே அடைத்துவிடும், எழுத்தைப் பொடியாக்க வேண்டிவரும். எழுதியதை வாய்விட்டு இரண்டு தடவை படிக்கும் நேரம் அந்தக் காட்சி திரையில் நிற்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவு.

வானொலியில் கடைப் பெயர் கடைசியில் வந்தது. இங்கே அதுவரை எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே முதல் நொடியிலிருந்தே பெயர் மேல்பகுதியில் சிறியதாக இருக்கட்டும். திரையின் அடிப்பகுதியையும் மேல் விளிம்பையும் விட்டுவிட வேண்டும். கணக்குப் பெயர், பொத்தான்கள் எல்லாம் அங்கே வந்து உட்கார்ந்து நம் எழுத்தை மறைத்துவிடும். சத்தத்தோடு பார்க்கிறவர்களுக்காகச் சீறலையும் விசிலையும் சேர்க்கலாம், ஆனால் எந்தச் சேதியும் அவற்றை நம்பி இருக்கக்கூடாது.

இரண்டையும் சோதிப்பது சுலபம். எழுதியதைப் பார்க்காத ஒருவரை மிக்ஸி ஓடும் அடுப்படியில் நிறுத்தி, ஒலிப்பதிவை ஒரே ஒரு முறை போட்டுவிட்டு, எதற்கான கடை, எங்கே இருக்கிறது, எதைக் கொண்டுபோக வேண்டும் என்று கேளுங்கள். வேறொருவரிடம் சத்தம் அடைத்த கைபேசியை வெயிலில் கொடுத்து அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பார்த்தவர் 'புதுக் குக்கர் விற்கிற கடை' என்று சொன்னால் தவறு கடைசிக் காட்சியில் இருக்கிறது. முகப்பில் பளபளக்கும் புதுக் குக்கர்கள் அடுக்கியிருக்கும். அவற்றை எடுத்துவிட்டு, வாடிக்கையாளர்கள் கொண்டுவந்த பழைய மூடிகளைத் தொங்கவிட்டு மறுபடி படம் எடுக்க வேண்டும்.