ஸ்க்ரீன்ஷாட்டா, மார்க்‌ஷீட்டா?

மசினகுடில இருக்கிற என் சித்தி பொண்ணு போன வருஷம் பிளஸ் டூ எழுதினா. 2025 மே 8 காலையில ரிசல்ட். சிக்னல் விட்டு விட்டு வந்ததால, தெரிஞ்சவர் ஒருத்தர் அவளோட பக்கத்தைத் திறந்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். அதையே பிரிண்ட் எடுத்துட்டு கோயம்புத்தூர்ல ஒரு காலேஜுக்குப் போனா. "இது மார்க்‌ஷீட் இல்லம்மா"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பஸ்ல போய் வந்ததுல ஒரு நாள் போச்சு.

அவங்க சொன்னது சரிதான். tnresults.nic.in-ல பதிவெண்ணும் பிறந்த தேதியும் போட்டா வர்றது உடனடித் தகவல் மட்டும். அந்தப் பக்கத்துல யாரோட கையெழுத்தும் கிடையாது. பிரவுசர்லயே 412-ஐ 512-ன்னு மாத்திட்டு படம் எடுக்க ஒரு நிமிஷம் போதும். நம்ம வேலைல தினமும் பண்றதுதான்.

அடுத்தது தற்காலிக மதிப்பெண் சான்றிதழ். சில நாள்ல அரசுத் தேர்வுகள் இயக்ககத்தோட dge.tn.gov.in தளத்துல வரும். பள்ளியில வாங்கினா தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். அட்மிஷனுக்கு இதைத்தான் கேட்பாங்க. அசல் சான்றிதழ், மறுகூட்டல், மறுமதிப்பீடு எல்லாம் முடிஞ்ச பிறகு பள்ளி வழியா வரும். அதை நேர்ல போய் கையெழுத்துப் போட்டு வாங்கணும். மறுமதிப்பீட்டுல மார்க் மாறினா, பழைய தற்காலிகச் சான்றிதழ்ல இருக்கிறது பழைய மார்க்.

அப்போ டிஜிலாக்கர்? 2016-ல வந்த டிஜிட்டல் லாக்கர் விதிகள்ல 2017-ல சேர்த்த 9ஏ விதிப்படி, அதுல வழங்கப்பட்ட ஆவணம் அசலுக்குச் சமம். "வழங்கப்பட்ட"ங்கிற வார்த்தைதான் முக்கியம். ஆப்ல Issued பகுதியில இருக்கிறது, சான்றிதழ் தர்ற துறையோட பதிவுல இருந்து வர்றது. Drive பகுதியில இருக்கிறது நாமளே ஏத்தினது. அங்க எந்தப் போலி பிடிஎஃப்பையும் போடலாம். ரெண்டும் ஒரே ஆப்புக்குள்ள இருக்கிறதாலதான் பலர் ஏமாறாங்க.

உங்ககிட்ட ஒருத்தர் மார்க்‌ஷீட் காட்டினா எப்படிப் பார்க்கிறது? வாட்ஸ்அப்ல வந்த பிடிஎஃப்பை வச்சு முடிவு பண்ணாதீங்க. அவரையே தன் போன்ல Issued பகுதியைத் திறந்து காட்டச் சொல்லுங்க. க்யூஆர் இருந்தா டிஜிலாக்கர் ஆப்லயே ஸ்கேன் பண்ணுங்க. சாதாரண ஸ்கேனர்ல பண்ணி ஒரு லிங்க் திறந்தா, முகவரியில இருக்கிற டொமைன் பேரைக் கவனிங்க: அது digilocker.gov.in-ன்னு முடியணும். digilocker-gov.in-ன்னு நடுவுல கோடு வந்தா அது வேற தளம். திரையில வர்ற பேர், பதிவெண், ஒவ்வொரு பாடத்தோட மார்க்கும் கையிலிருக்கிற காகிதத்தோட பொருந்தணும். பச்சை டிக் மட்டும் பார்த்து விட்டுடக் கூடாது.

வேலைக்கு எடுக்கிற நிறுவனமா இருந்தா கடைசிப் படி ஒண்ணு இருக்கு: இயக்ககத்துக்கே நகலை அனுப்பி உண்மைத்தன்மை கேட்கிறது. நாள் ஆகும். ஆனா க்யூஆரே இல்லாத பழைய காகிதத்துக்கு அதுதான் வழி.

தங்கச்சி அப்புறம் பள்ளியில முத்திரை வாங்கிட்டுப் போய்ச் சேர்ந்துட்டா. அந்த ஸ்க்ரீன்ஷாட் இன்னும் சித்தி போன்ல வால்பேப்பரா இருக்கு. அதுக்கு அது சரியான ஆவணம்தான்.