இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிக்கான மாணவர் பராமரிப்புத் திட்டத்தில் காரண விளக்கம்: சூளைத் தொழிலாளி ஒருவரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

செவிலிய மாணவர் எழுதும் பராமரிப்புத் திட்டத்தில் மிகவும் நலிந்து காணப்படுவது காரண விளக்கப் பகுதியாகும். அப்பகுதி நோயாளியின் தகவல்களோடு பிணைக்கப்படாதபோது, செவிலியக் கணிப்பே தவறிப்போவதை இக்கட்டுரை ஒரு மாதிரி நோயாளியின் வழி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பராமரிப்புத் திட்டம், காரண விளக்கம், இரண்டாம் வகை நீரிழிவு, தாழ்சர்க்கரை, பாதப்புண்.

முன்னுரை

பராமரிப்புத் திட்டம் என்பது தகவல் திரட்டல், செவிலியக் கணிப்பு, இலக்கு, செயல், காரண விளக்கம், மதிப்பீடு என்னும் வரிசையில் எழுதப்படுவது. பணியிலுள்ள செவிலியர் தம் பதிவேட்டில் காரண விளக்கத்தை எழுதுவதில்லை. அது மாணவருக்கே உரிய பகுதி. செய்யப்போகும் செயல் ஏன் இந்த நோயாளிக்கு, ஏன் இந்த நேரத்தில் என்பதை மாணவர் அறிந்திருக்கிறாரா என ஆசிரியர் காண்பதற்காகவே அது வைக்கப்பட்டுள்ளது. ஆயினும் நடைமுறையில், “இரத்தச் சர்க்கரையைக் கண்காணித்தல்” என்ற செயலுக்கு எதிரே “இரத்தச் சர்க்கரையின் அளவை அறிவதற்காக” என்று எழுதப்படுவதே மிகுதி. செயலையே வேறு சொற்களில் திரும்பச் சொல்லும் இத்தகைய வாக்கியத்தை எந்த நோயாளியின் தாளுக்கும் மாற்றி ஒட்டலாம். அவ்வாறு ஒட்ட முடிவதே அது காரணம் அன்று என்பதற்கு அடையாளம்.

மாதிரி நோயாளி

இங்கு எடுத்துக்கொள்ளப்படுபவர் விளக்கத்திற்காக அமைத்துக்கொள்ளப்பட்ட மாதிரி நோயாளி. கடலூர் மாவட்டத்து மங்களூரில் வசிப்பவர் (கர்நாடகத்துக் கடற்கரை நகரம் அன்று). வயது 52. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில், சூளையில் சரக்கு அடுக்கும் வேலை. ஒரு வாரம் பகல் வேலை, மறுவாரம் இரவு வேலை என மாறி மாறி வரும். நீரிழிவு கண்டறியப்பட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மெட்பார்மின் 500 மில்லிகிராம் காலை, மாலை இருவேளையும், கிளிமிபிரைடு 2 மில்லிகிராம் ஒருவேளையும் எழுதித் தரப்பட்டுள்ளன. வலது பெருவிரலின் அடியில், உள்ளங்காலில் புண்ணோடு அரசு மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். பீங்கான் சில்லு குத்தியது அவருக்குத் தெரியவில்லை. தரையில் இரத்தக்கறையைக் கண்ட மனைவி சொல்லியே அறிந்தார்.

வெறும் வயிற்றில் சர்க்கரை 212, உணவுக்குப்பின் 318, எச்பிஏ1சி 9.8 விழுக்காடு. புண்ணின் நீளம் 1.5 செ.மீ., அகலம் 1 செ.மீ.; சுற்றிலும் 1 செ.மீ. அளவுக்குச் சிவப்பு. காய்ச்சலும் வலியும் இல்லை. பாதநாடி இரு கால்களிலும் நன்கு உணரப்படுகிறது. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டபோது வலது காலின் விரல்களிலும் முன்பாதத்திலும் உணர்வு இல்லை. மருத்துவர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தையும், மாத்திரைகளை நிறுத்திவிட்டு, ஒவ்வோர் உணவுக்கும் அரைமணி நேரம் முன்னர் குறுகிய நேரம் செயல்படும் சாதாரண இன்சுலினையும் எழுதுகிறார்.

முதல் வரைவும் அதன் பிழையும்

இத்தகவல்களிலிருந்து மாணவர் முதலில் எழுதக்கூடிய கணிப்பு, “நோய் குறித்த அறிவின்மையால் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாமை” என்பதாகும். நோயாளி மாத்திரையை விட்டுவிட்டு உண்பவர் என்று மனைவி கூறியிருப்பது இதற்குச் சான்றாகக் காட்டப்படும். செயல்: மருந்தின் இன்றியமையாமையை எடுத்துரைத்தல். காரண விளக்கம்: கல்வி அறிவை வளர்க்கும். திட்டம் முடிந்துவிட்டதுபோல் தோன்றும்.

காரண விளக்கத்தை நேர்மையாக எழுத முற்பட்டால் இங்கேயே ஒரு கேள்வி எழ வேண்டும். ஒன்பது ஆண்டுகளாக மருந்து உண்பவர் எந்த நாட்களில் மட்டும் அதை விடுகிறார்? அக்கேள்வியைக் கேட்டபோது வரும் விடை இது: “சூளைகிட்ட நின்னா யாருக்கும்தாம்மா வேர்க்கும். ஆனா ராத்திரி வேலையில மாத்திரை போட்டா கையே ஆடுது. அதனால அந்த வாரம் போடறதில்ல.”

இது அறிவின்மை அன்று. தாழ்சர்க்கரைக்கு அவர் தாமே கண்டுகொண்ட தீர்வு. கிளிமிபிரைடு, இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு உள்ளது என்று பாராமல் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்கச் செய்யும். மெட்பார்மின் தனித்து அவ்வாறு செய்வதில்லை. மாலையில் கிளிமிபிரைடை விழுங்கிவிட்டு, தேநீரோடு வேலைக்குச் சென்று, பளு தூக்கி, நள்ளிரவுக்குப் பின்னரே உண்பவருக்குச் சர்க்கரை இறங்குவது எதிர்பார்க்கத்தக்கதே. வியர்வை, படபடப்பு, நடுக்கம் ஆகிய மூன்றுமே தாழ்சர்க்கரையின் முதல் எச்சரிக்கைகள். சூளை வெக்கையில் நிற்பவருக்கு வியர்வை எச்சரிக்கையாகத் தோன்றாது. எனவே அவருக்கு நம்பத்தக்க அடையாளம் கைநடுக்கம் ஒன்றே. ‘மருந்தை விடாமல் உண்ணுங்கள்’ என்ற அறிவுரையை மட்டும் பெற்று வீடு திரும்பியிருந்தால், அதை அவர் பின்பற்றும் நாளே அவருக்கு ஆபத்தான நாளாக, அதுவும் எரியும் சூளையின் அருகில், அமைந்திருக்கும்.

திருத்திய கணிப்பு இவ்வாறு அமையும்: “இரவு வேலையில் உணவும் மருந்தும் பொருந்தாமையால் தாழ்சர்க்கரை ஏற்பட்டு, அதற்கு அஞ்சி மருந்தைத் தவிர்த்தல், சான்று: கைநடுக்கம் பற்றிய கூற்று, எச்பிஏ1சி 9.8.” சான்று மாறியதும் செயலும் மாறுகிறது.

முன்னுரிமை

மாணவர் பலர் கணிப்புகளைப் பாடநூலில் உள்ள வரிசையிலேயே அடுக்குவர். கேடு விளையும் வேகத்தை வைத்து அடுக்குவதே பொருத்தம். புதிதாக இன்சுலின் தொடங்கப்பட்டிருப்பதால் தாழ்சர்க்கரை சில மணி நேரத்தில் வரலாம். ஆகவே அது முதலாவது. புண்ணின் தொற்று சில நாட்களில் பரவலாம், அது இரண்டாவது. வேலைமுறைக்கேற்ற மருந்துத் திட்டம் வாரக்கணக்கில் அமைவது, அது மூன்றாவது. ஆபத்தில் கடைசியாக இருந்தாலும், தகவல் திரட்டலில் மூன்றாவதையே முதல் நாளில் தொடங்க வேண்டியுள்ளது.

இலக்கை எழுதுவதிலும் காலக்கணக்கு பிசகுவதுண்டு. “ஒரு வாரத்தில் எச்பிஏ1சி 7 ஆகக் குறையும்” என்பது நிறைவேற முடியாத இலக்கு. சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையைக் காட்டும் அச்சோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியையே கூறும். மருத்துவமனையில் இருக்கும்வரை விரல்நுனிச் சர்க்கரை பெரும்பாலும் 140 முதல் 180 வரை இருப்பதும், 70-க்குக் கீழே இறங்காமலிருப்பதும் எழுதத்தக்க இலக்குகள்.

தாழ்சர்க்கரை: நேரமே காரணம்

“நான்கு மணிக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்தல்” என்பது பழக்கத்தால் எழுதப்படும் வரி. சாதாரண இன்சுலின் செலுத்திய அரைமணியில் செயல்படத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சத்தை அடைகிறது. காலை 7.30-க்குச் செலுத்தினால் கவனிக்க வேண்டிய நேரம் 9.30 முதல் 11.30 வரை. உணவுத்தட்டில் எவ்வளவு மீந்தது என்று பார்ப்பதும் இங்கு ஒரு செயலே. இன்சுலின் முழு அளவில் சென்றிருக்க, உணவு பாதியளவே சென்றிருந்தால் உச்ச நேரத்தில் சர்க்கரை தாழும். இவ்வாறு எழுதப்பட்ட காரணம், எப்போது பார்க்க வேண்டும், எதைக் கண்டால் விழிப்படைய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

மூன்றாம் நாள் காலை நோயாளி இட்லியில் பாதியை ஒதுக்கிவிடுகிறார். 10.30-க்கு மின்விசிறிக் காற்றின் கீழ் அவருக்கு வியர்க்கிறது. விரல்நுனிச் சர்க்கரை 64. நினைவு தெளிவாகவும் விழுங்கும் திறனோடும் இருப்பதால் 15 கிராம் குளுக்கோஸ் நீரில் கரைத்துத் தரப்படுகிறது. 15 நிமிடங்களுக்குப் பின் அளவு 92. தொடர்ந்து சிற்றுணவு தரப்படுகிறது. குளுக்கோஸ் மட்டும் போதாமைக்குக் காரணம், அது விரைவில் செலவாகிவிட, இன்சுலினின் செயல் இன்னும் ஒரு மணி நேரமாவது நீடிக்கும் என்பதே. நினைவு மங்கியிருந்தால் வாய்வழி எதுவும் தரலாகாது. நீர் மூச்சுக்குழலுக்குள் செல்லும். அந்நிலையில் மருத்துவரை அழைத்து, சிரைவழிக் குளுக்கோஸுக்கு ஆயத்தம் செய்ய வேண்டும்.

“இதேதாம்மா சூளையிலயும் வரும்” என்று நோயாளி அப்போது சொன்னது மதிப்பீட்டுப் பகுதியில் அவர் சொற்களிலேயே பதிவாக வேண்டும். சூளை இல்லாத இடத்தில் வந்த வியர்வை, கணிப்பை உறுதிப்படுத்திவிட்டது. இன்சுலின் அளவை மாற்றுவது மாணவரின் அதிகார எல்லைக்குள் வராது. 64 என்ற எண்ணையும் மீந்த உணவையும் சேர்த்து மருத்துவருக்குத் தெரிவிப்பது வரும். அளவை மட்டும் சொல்லி உணவைச் சொல்லாவிட்டால் மருந்து தேவையின்றிக் குறைக்கப்படலாம்.

வலியற்ற பாதம்

1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு, தொழுநோயாளரின் பாதங்கள் சிதைவதற்கு உணர்வின்மையும், அதனால் உணரப்படாமற்போகும் காயமும் அழுத்தமுமே பெரிதும் காரணம் என்று காட்டினார். நீரிழிவுப் பாதத்திற்கும் அவ்விளக்கம் பொருந்துகிறது. எனவே ‘ஓய்வு தருதல்’ என்ற செயலுக்கு ‘நோயாளி களைப்படையாதிருக்க’ என எழுதுவது பொருந்தாது. வலி தெரிந்தவர் நொண்டி நடந்து புண்ணைக் காப்பார். இவர் முழு எடையையும் அதன்மேல் வைத்து நடப்பார். நாடி நன்றாக இருப்பதால் குருதி ஓட்டத்தைவிட அழுத்தமே இவருடைய புண் ஆறுவதற்குப் பெருந்தடை. கழிவறைக்குச் செல்வதற்குக்கூடச் சக்கர நாற்காலி என்று எழுதுவது இதனால்தான்.

சிவப்பின் விளிம்பைப் பேனாவால் கோடிட்டு, நாளும் நேரமும் குறிக்க வேண்டும். அடுத்த முறைப்பணியில் வருபவர் ‘சற்றுச் சிவந்துள்ளது’ என்ற சொல்லை நம்பாமல், கோட்டைத் தாண்டியதா எனப் பார்க்கலாம். வலியும் காய்ச்சலும் இல்லாமை இங்கு ஆறுதல் தரும் செய்தி அன்று. நரம்பு பழுதான காலில் தொற்று அமைதியாகவே பரவக்கூடும். காலை வெந்நீரில் ஊறவைத்தல் கூடாது. நீரின் சூட்டை அந்தக் கால் அறியாது.

வீடு திரும்பும் திட்டம்

மருத்துவர் இரவு வேலையை அறிந்தபின், வீட்டில் தொடர வேண்டிய மருந்தையும் வேளையையும் அதற்கேற்ப அமைத்துத் தருவார். மாணவர் எழுத வேண்டியது அதைச் சூளையின் நேரத்தோடு இணைக்கும் செயல்கள்: இரவு வாரத்தில் வேலைக்குக் கிளம்புமுன் உண்ணும் உணவே முதன்மை உணவு; சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம்; கை நடுங்கினால் வெக்கை என்று எண்ணாமல், சூளையை விட்டு விலகி அமர்ந்து அதைக் கரைத்துக் குடித்தல். எம்.சி.ஆர். செருப்பு முன்பாதத்தின் அழுத்தத்தைப் பரப்பும். ஆனால் திறந்த செருப்பில் சில்லு புகும். ஆகையால் வேலையிடத்தில் அகன்ற மூடுகாலணி வேண்டும். அணியுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கவேண்டும், ஏனெனில் உணர்வு பாதத்தில் இல்லை, கையில் இருக்கிறது.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் நீரிழிவு மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன. இரவு வாரத்தில் பகலெல்லாம் உறங்குபவர் தன்னார்வலரைச் சந்திப்பதரிது. மாத்திரையைப் பெறுபவரும், இரத்தக்கறையை முதலில் கண்டவரும் மனைவியே. ஆகவே உள்ளங்காலை நாள்தோறும் பார்த்தல் என்ற செயலுக்கு எதிரே அவருடைய பெயர் எழுதப்படுகிறது. சிவப்பு எவ்வளவு பரவினால் அழைத்துவர வேண்டும் என்பதை வார்டில் அவர் கையாலேயே கோடிட வைத்துக் காட்டியபின்.