கிழிக்கும் தாளும் கிழியாத அட்டையும்

செல்லங்களே, முதலில் ஒரு சின்னச் சோதனை. தலையைத் திருப்பிப் பார்க்கக் கூடாது, சரியா? உங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தொங்குகிறதல்லவா? அதன் அட்டையில் என்ன படம்? முருகனா, மயிலா, அருவியா? படத்துக்குக் கீழே எந்தக் கடையின் பெயர்? அந்த எழுத்து என்ன நிறம்?

சொல்லிவிட்டீர்களா? இப்போது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒன்றிரண்டு தவறியிருந்தால் கவலை வேண்டாம், பெரியவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் இன்று என்ன தேதி என்று கேட்டால் டக்கென்று சொல்வீர்கள். அட்டையும் தாளும் ஒரே ஆணியில்தான் தொங்குகின்றன. தாள் மட்டும் எப்படி மனசில் பதிந்தது?

தேதி வேண்டும் என்று நீங்களே தேடிப் போய்ப் பார்க்கிறீர்கள். தாளும் தினம் மாறுகிறது. படம் அப்படியே இருக்கிறது. மின்விசிறி சத்தம் கொஞ்ச நேரத்தில் காதில் விழாமல் போகிறதே, அதுபோல மாறாத படத்தை மூளை கவனிப்பதையே நிறுத்திவிடுகிறது. கண்ணில் படும், மனசில் தங்காது.

1979-ல் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். அந்த நாட்டு ஒரு சென்ட் நாணயத்தைப் பார்க்காமல் வரையச் சொன்னார்கள். சின்ன வயதிலிருந்து கையில் புழங்கும் காசுதான். ஆனாலும் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது, ஆண்டு எங்கே இருக்கிறது என்பதில் பலரும் தடுமாறிவிட்டார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று ஊகித்திருப்பீர்களே, கெட்டிக்காரர்கள்! தேர்வுக்குச் சில வாரம் இருக்கும்போது வீடு முழுக்கச் சூத்திர அட்டை ஒட்டுவோமே, அதற்காகத்தான்.

என் அக்கா மகள் பத்தாம் வகுப்பில் படித்தபோது, அளவியல் பாடத்துச் சூத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரே சார்ட்டில் எழுதிப் படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டினாள். உருளை, கூம்பு, கோளம், அரைக்கோளம் எல்லாம் வண்ண வண்ணமாக, பார்க்க அழகாக இருந்தது. மூன்று வாரம் அதன் கீழேயே உட்கார்ந்து படித்தாள்.

திருப்புதல் தேர்வில் ஒரு கூம்பு வந்தது. ஆரம் 7 செ.மீ., உயரம் 24 செ.மீ. கன அளவு கேட்டிருந்தார்கள். அவள் சாயுயரம் 25 என்று சரியாகக் கண்டுபிடித்தாள். பிறகு அந்த 25-ஐக் கன அளவுச் சூத்திரத்தில் போட்டுவிட்டாள். 1232 கன செ.மீ. வரவேண்டிய இடத்தில் 1283 சொச்சம் வந்தது.

"மாமா, சார்ட்டில் இருக்கிறபடிதானே போட்டேன்!" என்று அழுதாள். நாங்கள் இருவரும் எழுந்து போய்ப் பார்த்தோம். சார்ட்டில் ⅓πr²l என்று எழுதியிருந்தது. h இருக்க வேண்டிய இடத்தில் l. எழுதும்போது கை தவறியிருக்கிறது. மூன்று வாரமாக அவளும் பார்த்திருக்கிறாள், அந்த அறைக்குப் போய்வந்த நானும் பார்த்திருக்கிறேன். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. காலண்டர் அட்டை ஞாபகம் வருகிறதா?

அப்படியானால் ஒட்டுவதே வீணா? இல்லை. காலண்டரில் அட்டை மாதிரி ஒட்டாமல், தாள் மாதிரி ஒட்ட வேண்டும். நாங்கள் அன்று செய்ததைச் சொல்கிறேன்.

பெரிய சார்ட்டைக் கழற்றினோம். பழைய மாதக் காலண்டரின் வெள்ளைப் பின்பக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டினோம். ஒரு துண்டுக்கு ஒரே கேள்வி. "கூம்பின் கன அளவு?" என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் கூம்பின் படம். அதில் உயரத்துக்கு நேர்க்கோடு, சாயுயரத்துக்குச் சாய்கோடு. விடையைக் கீழே எழுதி, அதன்மேல் ஒரு காகிதத்தை மேல் ஓரம் மட்டும் ஒட்டி மூடி போட்டோம். சன்னல் திரை மாதிரி தூக்கிப் பார்க்கலாம்.

விதி ஒன்றுதான். முதலில் வாய்விட்டு விடையைச் சொல்ல வேண்டும். அதன் பிறகே மூடியைத் தூக்கலாம்.

ஏன் இந்த வம்பு, நேராகப் பார்த்தால் என்ன என்கிறீர்களா? நல்ல கேள்வி! 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு குழு அதையே மறுபடி படித்தது. இன்னொரு குழு அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை மாறிவிட்டது. மறுபடி படித்தவர்களுக்கு 100-க்கு 42 அளவு நினைவிருந்தது, பார்க்காமல் எழுதியவர்களுக்கு 56. அட்டையைச் சும்மா பார்த்தால் "எனக்குத் தெரியுமே" என்று தோன்றுவது அந்த ஐந்து நிமிட வெற்றிதான். தேர்வோ அதைத் தாண்டி, சில நாள் கழித்து வருகிறது.

எங்கே ஒட்டினோம் தெரியுமா? பல் தேய்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒன்று. தண்ணீர்க் குடத்துக்கு மேலே ஒன்று. செருப்பு மாட்டும் இடத்தில் ஒன்று. அங்கெல்லாம் கொஞ்ச நேரம் சும்மா நிற்போம் அல்லவா? ஒரு கேள்விக்கு அது போதும். மேசைக்கு மேலே மட்டும் ஒன்றும் ஒட்டவில்லை, படிக்கும்போது கவனம் புத்தகத்தில் இருக்கட்டும் என்று.

இரண்டு நாளுக்கு ஒருமுறை துண்டுகளை இடம் மாற்றினோம். இல்லாவிட்டால் "குடத்துக்கு மேலே இருப்பது கூம்பு" என்று இடத்தை வைத்தே விடை வந்துவிடும். தேர்வு அறையில் குடம் இருக்காதே! வெவ்வேறு நாளில் மூன்று முறை தடுமாறாமல் சொன்ன துண்டைக் கழற்றி உறையில் போட்டோம். தடுமாறியது சுவரிலேயே இருந்தது.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். புரியாத சூத்திரத்தைச் சுவர் சொல்லித் தராது. அரைக்கோளத்தின் மொத்தப் புறப்பரப்பு 3πr² என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை, 2πr² என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் துண்டைக் கழற்றிவிட்டு ஒரு சாத்துக்குடியைச் சரிபாதியாக வெட்டினேன்.

"முழுக் கோளத்துக்கு மேற்பரப்பு எவ்வளவு?"

"4πr²."

"பாதிக்கு?"

"2πr². அதைத்தானே மாமா சொல்கிறேன்!"

"அது தோல் மட்டும். வெட்டின முகத்தைத் தொட்டுப் பார்."

தொட்டாள். அது ஒரு வட்டம். அதன் பரப்பு πr². தோலோடு கூட்டினால் 3πr². வளைபரப்புக்கு 2, மொத்தத்துக்கு 3 என்று அவளே துள்ளிக்கொண்டு சொன்னாள். மறுநாள் துண்டில் பாதிச் சாத்துக்குடியை வரைந்து மறுபடி ஒட்டினோம். அதன் பிறகு அதில் அவள் தவறவில்லை.

உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு சூத்திர அட்டை இருக்கும். இன்று இரவு பாடப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள் கண்ணுகளா. கூம்பில் h, l இரண்டையும் முதலில் பாருங்கள்.