பாட்டில் வளைவில் புடைக்கும் எழுத்து

கண்ணாடி பாட்டிலின் மேல் புடைத்து நிற்கும் எழுத்துக்குத் தனி நிறம் கிடையாது. அதன் விளிம்பில் விழும் வெளிச்சமும் நிழலும்தான் அதைக் காட்டுகின்றன. அதனால் வளைவில் அதை எங்கே, எவ்வளவு அகலத்தில் வைப்பது என்பதைக் கணக்குப் போட்டே முடிவு செய்ய வேண்டும்.

70 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு ஏறக்குறைய 220 மி.மீ. அதில் பெயரை 73 மி.மீ. நீளத்துக்கு எழுதினால் அது சுற்றில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 120 டிகிரியைப் பிடித்துக்கொள்ளும். நேரே நின்று பார்ப்பவருக்கு நடு எழுத்துகள் முழு அகலத்தில் தெரியும். 60 டிகிரி தள்ளியிருக்கும் ஓர எழுத்துகளோ பாதி அகலமாகச் சுருங்கிவிடும்.

பெயரைத் தட்டையாக வரைந்து, நேர் எதிரிலிருந்து பாட்டில் மேல் பாய்ச்சினால் இந்தச் சுருக்கம் மறையும். ஆனால் அப்போது ஓர எழுத்துகள் பாட்டில் பரப்பில் இரு மடங்கு அகலமாகிவிடும். பாட்டிலைக் கொஞ்சம் திருப்பினாலே கோணல் தெரிந்துவிடும். கையில் எடுத்துத் திருப்பும் பொருளுக்கு இது ஒத்துவராது. தாளைச் சுற்றி ஒட்டுவதுபோல் எழுத்தின் அகலம் மாறாமல் சுற்றுவதே சரி. கணினி வரைபட மென்பொருள்களில் Wrap, Emboss என்ற பெயர்களில் இருக்கும் கட்டளைகள் இதைத்தான் செய்கின்றன. பெயரை 55 மி.மீ.க்குள் அடக்கினால் ஓரம் 45 டிகிரியோடு நின்றுவிடும்; அங்கே அகலம் 70 சதவீதம் போலத் தெரியும். அதற்கு மேல் நீளும் பெயரை இரண்டு வரியாக்குவது நல்லது.

அடுத்த சிக்கல் அச்சில் இருக்கிறது. பாட்டில் அச்சு இரண்டு பாதிகளாக எதிரெதிர்த் திசையில் நேராகப் பிரியும். நடுவிலுள்ள எழுத்து அது பிரியும் திசையிலேயே புடைத்திருப்பதால் சிக்காது. பாதிகள் சேரும் கோட்டுக்குப் பக்கத்திலுள்ள எழுத்தோ பக்கவாட்டில் புடைத்திருக்கும். கோட்டைப் பார்த்த அதன் சுவர் செங்குத்தாக இருந்தால், அச்சு விலகும்போது அதில் மாட்டி எழுத்தைச் சிதைக்கும். எனவே அந்தச் சுவரைச் சரிவாக வெட்ட வேண்டும். 45 டிகிரி தள்ளியிருக்கும் எழுத்துக்குச் சரிவும் 45 டிகிரியாவது வேண்டும். சரிவு கூடக்கூட நிழல் மங்கும். எழுத்தை நடுப்பக்கமே வைப்பதற்கு இது இரண்டாவது காரணம்.

கழுத்துக்குக் கீழுள்ள தோள் இரண்டு திசையிலும் வளைந்தது. தட்டையான எதையும் இழுக்காமல், சுருக்காமல் அங்கே ஒட்ட முடியாது. அங்கே சிறிய எழுத்தில் குறுகிய சொல்தான் தாங்கும். உருகிய கண்ணாடி கூர்மையான மூலைகளுக்குள் முழுதாக இறங்காது என்பதால் ‘ண’ போன்ற சுழி எழுத்துகளைச் சின்னதாக வெட்டினால் சுழிகள் கலங்கிப்போகும்.

அச்சு வெட்டக் கொடுக்கும் முன், பெயரை உண்மை அளவில் தாளில் அச்சடித்து அதே விட்டமுள்ள பாட்டிலில் சுற்றி, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். திருப்பாமலே முழுப் பெயரையும் படிக்க முடியாவிட்டால் எழுத்தைக் குறுக்குங்கள், அல்லது வரியைப் பிரியுங்கள்.