இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படுமா?

"போன மாத பில் பதிவாகவில்லை. இன்றிரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே அதிகாரியை அழைக்கவும்." கீழே ஒரு செல்போன் எண்.

தனியாக இருக்கும் பெரியவர்களைப் பதறவைக்கவே இப்படி அனுப்புகிறார்கள். அழைத்தால், மறுமுனையில் பேசுபவர் மரியாதையாகப் பேசி, ஒரு செயலியை இறக்கச் சொல்வார். அது உங்கள் போன் திரையை அவருக்குக் காட்டிவிடும். பிறகு, "சரிபார்க்க 10 ரூபாய் மட்டும் கட்டுங்கள்" என்பார். அவர் குறிவைப்பது அந்தப் பத்து ரூபாயை அல்ல. அதைக் கட்டும்போது நீங்கள் தட்டும் கார்டு எண்ணையும், வந்து விழும் ஓடிபியையும்தான். அவை கிடைத்ததும் கணக்கு காலியாகிவிடும்.

அந்தச் செய்தியில் உங்கள் மின் இணைப்பு எண்ணும் இருக்காது, பாக்கித் தொகையும் இருக்காது. ஊருக்கெல்லாம் ஒரே செய்திதான்.

காக்கும் பழக்கம் ஒன்றுதான்: செய்தியில் வந்த எண்ணை ஒருபோதும் அழைக்காதீர்கள். தமிழ்நாட்டு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அதைப் பெரிய எழுத்தில் எழுதி மீட்டர் பெட்டியருகே ஒட்டிவைத்து, சந்தேகம் வந்தால் அதையே அழையுங்கள்.

பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.