வேலை வேண்டாம், ஆனால் ஆள் சொல்கிறேன்

பெரிய பதவிகளுக்கு ஆள் தேடித் தரும் எக்ஸிகியூட்டிவ் சர்ச் நிறுவனத்துக்கு ஃபீஸ் கொடுப்பது ஆள் வேண்டிய கம்பெனிதான். வழக்கமாக அந்தப் பதவியின் முதல் வருடச் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதன் முதல் தவணையைத் தேடல் தொடங்கும்போதே வாங்கிவிடுவார்கள். ஆகவே உங்களை அழைக்கும் கன்சல்டன்ட் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், அவர் அந்தக் கம்பெனியின் ஆள். நீங்கள் வருவீர்களா என்று தெரிந்துகொள்வதோடு, வேறு யார் பொருத்தம் என்று உங்கள் வாயிலிருந்து வாங்குவதும் அவர் வேலை. நீங்கள் சொல்வது அவர்கள் கோப்பில் ஏறி, வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கோவையில் ஒரு கம்பெனியின் நிதித் தலைவர். புனேயில், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனிக்கு சி.எஃப்.ஓ. வேண்டும் என்று அழைப்பு வருகிறது. மகள் பிளஸ் டூ. இந்த வருடம் ஊரை விட்டு நகர முடியாது. ஆனால் ஓசூரில், சி.ஏ. பயிற்சிக் காலத்திலிருந்தே பழகிய நண்பர் இருக்கிறார். வேலைக்கு அச்சு அசலாகப் பொருந்துவார்.

அந்த போன் பேச்சிலேயே நண்பரின் பெயரைச் சொல்லிவிடத்தான் தோன்றும். சொல்லக் கூடாது. மறுநாள் கன்சல்டன்ட் ஓசூர் அலுவலக நம்பருக்கே அழைக்கலாம். இந்தத் தொழில்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ‘அவர் வேலை தேடுகிறாராம்’ என்ற பேச்சு முதலாளி காதுக்குப் போக அதிக நாள் ஆகாது. உதவி செய்யப்போய் நண்பரின் வேலைக்கே உலை வைத்ததாகிவிடும்.

முதலில் தன் பதிலை முடித்துவிடுவதுதான் சரி: “இந்த வருடம் குடும்பத்தை விட்டு நகர முடியாது. அடுத்த ஜூனுக்குப் பிறகு சி.எஃப்.ஓ. பதவி என்றால் பேசலாம். பொருத்தமான ஒருவர் மனதில் இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன்.” காரணம் தன் பக்கத்தது. சம்பளம் போதாது, புனே பிடிக்காது என்றெல்லாம் இல்லை. எப்போது மறுபடி அழைக்கலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று இழுப்பவரைவிட, இப்படி நேராக மறுப்பவரைத்தான் அடுத்த தேடலில் முதலில் அழைப்பார்கள்.

அடுத்து நண்பரிடம். இங்கே கம்பெனி பெயர் வாயில் வரக் கூடாது. இருக்கும் சி.எஃப்.ஓ.வுக்கே தன்னை மாற்றப்போகிறார்கள் என்று தெரியாமல் இருக்கலாம். பட்டியலிட்ட கம்பெனியில் இது மரியாதைப் பிரச்சினையோடு நிற்காது. முக்கிய நிர்வாகிகள் மாறும் தகவலை, வெளியிடப்படாத விலை சார்ந்த தகவலின் வகைகளில் ஒன்றாக செபியின் 2015-ஆம் ஆண்டு உள்வர்த்தக விதிகள் வைத்திருக்கின்றன. அதனால் வாட்ஸ்அப்பில் இவ்வளவு போதும்: “டேய், மகாராஷ்டிராவில் ஒரு லிஸ்டட் கம்பெனி, சி.எஃப்.ஓ. வேலை. எனக்குத் தோதுப்படாது. உன் பேரைச் சொல்லலாமா? எந்த நம்பரில் கூப்பிடச் சொல்ல?” வேண்டாம் என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது, கன்சல்டன்டிடமும் “அவருக்கு இப்போது தோதில்லை” என்று பெயர் சொல்லாமல் முடித்துவிடலாம்.

சரி என்றால் கன்சல்டன்டுக்குச் சிறிய மெயில். ‘மிகச் சிறந்தவர், நேர்மையானவர்’ என்று எழுதி ஒரு பயனும் இல்லை. எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். “ஒரு பங்கு வெளியீட்டை ஆரம்பம் முதல் முடிவு வரை நடத்தியவர். இரண்டு ஆலைகளின் கணக்கு அவர் கையில். நோட்டீஸ் காலம் 90 நாள். முதலீட்டாளர்களிடம் அவர் பேசி நான் பார்த்ததில்லை.” கடைசி வரி முக்கியம். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரின் சிபாரிசுக்குத்தான் எடை. நாளை நண்பர் அந்த இடத்தில் சறுக்கினாலும், நீங்கள் சொன்ன எதுவும் பொய்யாகியிருக்காது.

சொந்தக் கம்பெனியில் கூட வேலை பார்ப்பவரைச் சிபாரிசு செய்வது வேறு கதை. மூத்த பதவியில் இருப்பவர்களின் ஒப்பந்தத்தில், சக ஊழியரை வெளியே இழுக்கக் கூடாது என்ற ஷரத்து பெரும்பாலும் இருக்கும். ஷரத்து இல்லாவிட்டாலும், சம்பளம் கொடுக்கும் இடத்திலிருந்து ஆளைக் கிளப்பிவிட்டார் என்ற பேர் லேசில் போகாது.

பெயர் கொடுத்த பிறகு ஒதுங்கிவிட வேண்டும். இப்படிப்பட்ட தேடல் மூன்று நான்கு மாதம் ஓடுவது சாதாரணம். நடுவில் ‘என்ன ஆச்சு?’ என்று இரண்டு பக்கமும் விசாரித்தால் இரண்டு பேருக்குமே சங்கடம். சிபாரிசுக்குக் கமிஷன் கொடுப்பதாக யாராவது சொன்னால் வாங்காதீர்கள். வாங்கினால் தரகர் ஆகிவிடுவீர்கள், தரகருக்கு சி.எஃப்.ஓ. வேலை கேட்டு யாரும் போன் செய்வதில்லை.